பிசிக்ஸ் சொதப்பிவிட்டது, செவ்வாய்க்கிழமை மேத்ஸ்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்று பிசிக்ஸ் பரீட்சை. கட்டாய வினாவில் வந்த கணக்கு இரண்டிலும் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் போய்விட்டது. கடைசியில் ஒரு 5 மார்க் எழுதவே இல்லை. ஒன் மார்க்கில் நாலு சும்மா குத்துமதிப்பாகப் போட்டேன். செவ்வாய்க்கிழமை மேத்ஸ். புத்தகத்தைத் திறந்தால் பிசிக்ஸ் பேப்பர்தான் கண் முன்னால் வருகிறது. ஃபெயில் ஆகிவிடுவேனோ என்றுகூடத் தோன்றுகிறது. அப்பா என்னோடு பேசவே இல்லை. மேத்ஸும் இப்படியே போய்விடாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். அதனால் மேத்ஸ் கெடாது. ஒரு தாள் சரியில்லாமல் போன பிறகு அடுத்த தாளைக் கெடுப்பவை வேறு சில வேலைகள். வாட்ஸ்அப்பில் வரும் விடைக்குறிப்போடு உட்கார்ந்து ஒப்பிடுவது, அன்றிரவு தூங்காமல் இருப்பது, விட்டதைப் பிடிக்கிறேன் என்று படிக்கும் முறையையே மாற்றுவது, கடைசியாக அடுத்த ஹாலில் முதல் கஷ்டமான கேள்வியைப் பார்த்ததும் ‘இன்னைக்கும் அதேதானா’ என்று கை நடுங்குவது. இவற்றில் முதல் மூன்றும் இன்றைக்கும் நாளைக்கும் நடப்பவை. நாலாவதற்கு ஞாயிற்றுக்கிழமையே பயிற்சி எடுக்கலாம்.

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். வினாத்தாளைப் பிரிக்க வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இழப்பை மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொன்னதை வைத்து நானே போட்டுக் காட்டுகிறேன். எழுதாத 5 மார்க்குக்கு 5, கட்டாய வினா இரண்டுக்கும் 2, 3 என்று 5, ஒன் மார்க்கில் 4. மொத்தம் 14. கணக்கு இரண்டுக்கும் பூஜ்யம் என்று வைத்துத்தான் இந்த 14. சூத்திரம் எழுதி மதிப்பைப் பிரதியிட்டிருந்தால் படிக்குரிய மதிப்பெண் கொஞ்சம் வரும், அதை இங்கே சேர்க்கவில்லை. 70-ல் 14 போனால் 56. கவனிக்காமல் விட்ட சின்னத் தவறுகளுக்கு இன்னும் 6 கழித்தாலும் 50. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 15 எடுத்தால் போதும், அதோடு செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 100-க்கு 35 வர வேண்டும். ஃபெயில் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அந்த வரியை இங்கேயே அடித்துவிடுங்கள்.

அடுத்து கட்-ஆஃப். பொறியியல் கலந்தாய்வுக்கு 200-க்கு மதிப்பெண் போடும்போது கணிதம் 100 முழுசாகச் சேர்கிறது, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதாகச் சேர்கின்றன. ஆகவே இன்று போன 14 அங்கே 7. ஏழு என்பது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல கட்-ஆஃபில் ஏழு மார்க்கில் தரவரிசை கணிசமாக இறங்கும். ஆனால் செவ்வாய்க்கிழமைத் தாளில் இதே ஏழு எவ்வளவு என்று பாருங்கள்: ஒரு ஐந்து மார்க்கும் ஒரு இரண்டு மார்க்கும். கணிதத்தில் விடும் ஒவ்வொரு மார்க்கும் இயற்பியலில் விட்டதுபோல இரண்டு மடங்கு வெட்டும். இந்த மூன்று நாளை இன்றைய தாளுக்காகச் செலவழித்தால், போன ஏழைவிட அதிகமாகப் போக வாய்ப்பு இருக்கிறது.

தாளின் அடியில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, ‘ரிசல்ட் வந்து, நான் நினைத்ததைவிட இயற்பியல் மார்க் குறைவாக இருந்தால் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பேன். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்வேன்.’ இரண்டாவது வரி, இன்றைய தாளிலிருந்து செவ்வாய்க்கு எடுத்துப்போகும் ஒரே ஒரு திருத்தம். அது என்ன என்று கீழே சொல்கிறேன். முடிக்காத வேலையை மூளை திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தும். எப்போது, என்ன செய்யப்போகிறோம் என்று குறிப்பாக எழுதிவிட்டால் அந்த நச்சரிப்பு பெரிதும் குறையும். எழுதிய தாளையும் வினாத்தாளையும் சேர்த்து மடித்து அம்மாவிடம் கொடுத்து, கடைசிப் பரீட்சை வரை பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மேஜை டிராயரில் வைத்தால் ராத்திரி பதினோரு மணிக்குக் கை அங்கேதான் போகும்.

விடைக்குறிப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். பரீட்சை முடிந்த அன்றே வரும் விடைக்குறிப்புகள் டியூஷன் சென்டர்களும் தனி ஆசிரியர்களும் போடுபவை. ஒரே ஒன் மார்க்குக்கு இரண்டு குறிப்பில் இரண்டு விடை இருப்பதும் உண்டு. உங்கள் தாளைத் திருத்தப்போகிறவர் கையில் இருப்பது துறை தரும் குறிப்பு. அதில் படிப்படியாக மார்க் பிரித்திருக்கும். இறுதி விடையை மட்டும் பார்த்து நீங்கள் போடும் மதிப்பெண் எப்படியும் தப்பாகத்தான் இருக்கும். கேள்வியிலேயே பிழை இருந்து அதற்கு மார்க் கொடுப்பதாக முடிவானால், நீங்கள் இன்று பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது வந்து சேரும். வகுப்பு குரூப்பை செவ்வாய் மதியம் வரை மியூட் செய்துவிடுங்கள். ஹால் டிக்கெட், பஸ் போன்ற அவசரத் தகவலுக்கு ஒரே ஒரு தோழியின் எண் போதும்.

இனி புத்தகத்தைத் திறந்தால் பேப்பர் கண்ணில் வருகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். ‘நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது’ என்று அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காமல் இருங்கள் என்று சொல்லி டேனியல் வெக்னர் 1987-ல் செய்த சோதனை பிரபலமானது. அடக்க முயன்றவர்களுக்கு அந்த நினைப்பு வந்துகொண்டே இருந்தது, அடக்குவதை நிறுத்தச் சொன்ன பிறகு இன்னும் அதிகமாகவே வந்தது. நினைப்பை விரட்டுவதைவிட அதற்கு ஒரு நேரம் ஒதுக்குவது எளிது. கவலைக்கென்று தினமும் அரை மணி நேரம் குறித்துவைக்கும் முறையைத் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-லேயே சோதித்துப் பார்த்தார்கள். உங்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மாலை ஆறரை மணி, ஒரே நாற்காலி, படிக்கும் மேஜை வேண்டாம், படுக்கை வேண்டவே வேண்டாம். பகலில் பிசிக்ஸ் நினைப்பு வரும்போது பக்கத்தில் வைத்திருக்கும் துண்டுச்சீட்டில் ஒரு சொல் மட்டும் எழுதுங்கள்: ‘கட்டாய வினா’, ‘அப்பா’, இப்படி. எழுதிவிட்டு விட்ட வரிக்குத் திரும்புங்கள். ஆறரைக்கு அந்தச் சீட்டை எடுத்து உட்கார்ந்து கவலைப்படலாம், அழலாம். 6.45-க்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்துவிட வேண்டும். சனிக்கிழமை சீட்டில் இருபது சொல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படிக்கும் வேலையையும் இந்த மனநிலைக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் கணக்குப் போடும்போது எண்களையும் அடுத்த படியையும் மனதில் ஏந்திவைத்திருக்கும் இடம் ரொம்பச் சின்னது, கவலையும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். கண்ணால் மட்டும் படித்தால் பாதி இடம் காலியாகக் கிடக்கும், அங்கே பிசிக்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். தீர்த்துவைத்த எடுத்துக்காட்டைப் பார்த்துக்கொண்டே ‘தெரியும், தெரியும்’ என்று பக்கம் புரட்டினால் படித்த மாதிரி ஒரு மயக்கம் வரும், செவ்வாய்க்கிழமை கை ஓடாது. ஒரே வரியை மூன்றாவது முறை படிக்கிறீர்கள் என்றால் அதுதான் அடையாளம். புத்தகத்தை மூடிவிட்டுப் பேனாவை எடுங்கள். இந்த மூன்று நாளும் பேனா ஓடாத படிப்பு வேண்டாம்.

முதல் உட்காரல் இன்றைக்கே இருக்கட்டும், முக்கால் மணி நேரம் மட்டும், அதுவும் உங்களுக்கு நன்றாக வரும் பாடத்தில். முதல் பாடமான அணிகள், அணிக்கோவைகளில் கிராமரின் விதியில் ஒரு கணக்கு, காஸ் நீக்கல் முறையில் ஒன்று, நேர்மாறு அணி முறையில் ஒன்று. மூன்றும் படி தெளிவாக இருக்கிற, விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்க முடிகிற கணக்குகள். சரியாக வந்ததை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், யாரும் வந்து தைரியம் சொல்ல வேண்டியதில்லை. இன்றிரவு புதுப் பாடம் எதையும் தொட வேண்டாம். புரியாத ஒரு கணக்கு வந்தால் காலையில் நடந்தது இன்னொரு தரம் நடந்த மாதிரி ஆகிவிடும்.

நாளை காலையிலிருந்து ஏற்கெனவே போட்டுவைத்த திட்டப்படியே போங்கள். இங்கேதான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘பிசிக்ஸில் போனதை மேத்ஸில் சென்டம் எடுத்துச் சரிக்கட்டுகிறேன்’ என்று கிளம்பி, புத்தகப் பயிற்சிக் கணக்கை விட்டுவிட்டு எங்கிருந்தோ ‘கிரியேட்டிவ்’ வினாக்களைத் தேடி எடுப்பார்கள். பாதி வராது. வராதது பயத்தைக் கூட்டும். அதற்குள் வெக்டரும் வகைக்கெழுச் சமன்பாடும் திருப்புதல் ஆகாமல் கிடக்கும். பன்னிரண்டு பாடத்தில் உங்களுக்கு எவை மீதம் என்று முன்பே தெரியும். அந்த வரிசை மாறக் கூடாது. இன்று போன ஒரு மாலை நேரத்தை ஈடுகட்ட வேண்டுமென்றால் திட்டத்தில் ஏதாவது ஒன்றைக் கழியுங்கள், தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

தூக்கம் பற்றி இரண்டு விஷயம். பகலில் படுத்தால் அரை மணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். அழுத களைப்பில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் ராத்திரி ஒரு மணி வரை முழித்துக்கொண்டு கிடப்பீர்கள், அப்போது வருகிற நினைப்புதான் மோசமானது. மாலை நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து பாட நோட்டைத் தவிர ஏதாவது ஒன்றை மெதுவாகச் செய்யுங்கள், துணி மடிப்பதுகூடப் போதும். கொட்டாவி வந்ததும் திரும்பப் படுங்கள். ஒரு ராத்திரி சரியாகத் தூங்காததால் பரீட்சை போய்விடாது. ஞாயிறும் திங்களும் தூங்குவதுதான் முக்கியம்.

அப்பாவின் மௌனத்தைக் கோபம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன பேசுவதென்று தெரியாமலும் அப்பாக்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நீங்களே போய் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: “அப்பா, பிசிக்ஸ் நான் நினைச்ச மாதிரி எழுதலை. கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் அதைப் பத்திப் பேசலாம்ப்பா, இப்ப மேத்ஸ் படிக்கிறேன்.” இதோடு பேச்சை நிறுத்திவிடலாம். ‘எவ்வளவு வரும்’ என்று கேட்டுப் போன் செய்யும் சித்தி, மாமாவுக்கெல்லாம் அம்மா பதில் சொல்லட்டும். தொடர்ந்து இரண்டு ராத்திரி கண் மூடவே முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்பது போன்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் இந்தக் குறிப்புகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அம்மாவிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். 104 அல்லது 14416 எண்ணில் எந்த நேரமும் ஆலோசகரிடம் பேசலாம்.

இப்போது அந்த ஒரே திருத்தம். உங்கள் கடிதத்தைப் படித்தால் பாடம் தெரியாததால் போனது கொஞ்சம்தான். கட்டாய வினாவின் இரண்டு மார்க், மூன்று மார்க் கணக்குகளில் மாட்டி, நேரத்தை அங்கே கொட்டி, அதனால் ஒரு முழு ஐந்து மார்க் போயிருக்கிறது. ஆகவே கணிதத்துக்கு எடுத்துப்போக வேண்டியது நேர வரம்பு. தொண்ணூறு மார்க்குக்கு 180 நிமிடம். ஒன் மார்க் இருபதுக்கும் 25 நிமிடம். இரண்டு மார்க் ஏழுக்கு 30, மூன்று மார்க் ஏழுக்கு 45, ஐந்து மார்க் ஏழுக்கு 70. கூட்டினால் 170, மீதி பத்து நிமிடம் விட்டதைப் பார்க்க. ஐந்து மார்க் கணக்கு ஒன்று பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டினால், எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டு, மீதிக்கு அரைப்பக்கம் இடம் ஒதுக்கி அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டு மார்க்குக்கு ஐந்து நிமிடம், மூன்று மார்க்குக்கு எட்டு நிமிடம் எல்லை. கட்டாய வினாக்கள் 30-ம் 40-ம். அவற்றைத் தவிர்க்க முடியாது என்பதால் முதலிலேயே போட வேண்டும் என்று இல்லை. அந்தந்தப் பகுதியில் மற்ற ஆறையும் முடித்த பிறகு கடைசியாகத் தொடுங்கள். அப்போது மாட்டிக்கொண்டாலும் போவது அந்த இரண்டு மார்க்கோ மூன்று மார்க்கோதான்.

இதை ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். காலை 10.15-க்கு, பரீட்சை தொடங்கும் அதே நேரத்தில் உட்கார்ந்து பாதித் தாள் எழுதுங்கள்: ஒன் மார்க் பத்து, இரண்டு மார்க் மூன்று, மூன்று மார்க் மூன்று, ஐந்து மார்க் நான்கு, ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு வராத கணக்கு ஒன்றை வேண்டுமென்றே அதில் சேர்க்கச் சொல்லுங்கள், தோழியோ அண்ணனோ தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்காக அது அங்கே இல்லை. எல்லை நிமிடம் வந்ததும் பேனாவைத் தூக்கி அடுத்ததற்குப் போகிறீர்களா என்று பார்க்கத்தான். ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்று கை இழுக்கும். இயற்பியல் தாளில் உங்களைக் கவிழ்த்தது அந்த ஒரு நிமிடம்தான். திங்கட்கிழமை மாதிரித் தேர்வு எதுவும் வேண்டாம். சூத்திரங்கள், கூம்பு வளைவுகளின் படங்கள், ஒன் மார்க் ஆகியவற்றை எழுதிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

செவ்வாய் காலை அதே பள்ளி, சில வேளை அதே பெஞ்ச். உட்கார்ந்ததும் வயிறு பிசையலாம். இடத்தைப் பார்த்து உடம்பு பழைய தாளை நினைவுகூர்கிறது, அவ்வளவுதான். மேத்ஸ் வராது என்பதற்கு அது அறிகுறி ஆகாது. வினாத்தாள் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் ஒன் மார்க்கில் இறங்காதீர்கள். நேராக 41-லிருந்து 47 வரை போய், ஒவ்வொன்றிலும் (அ)-வா (ஆ)-வா என்று முடிவு செய்யுங்கள். வினாத்தாளில் பதிவெண் தவிர எதையும் எழுதக் கூடாது என்பதால் மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏழு எழுத்து நிற்கும். பிறகு 30-யும் 40-யும் ஒரு பார்வை பார்த்து எந்தப் பாடம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதும்போது கை நின்றுவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், ஐந்து தடவை. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சை விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருந்தால் இதயப் படபடப்பு இறங்கும். ஆழமாக இழுத்து இழுத்து வேகமாக விட்டால் தலை கிறுகிறுக்கும். பிறகு கேள்வியில் கொடுத்த தகவலை அப்படியே எடுத்து எழுதி, அதற்கான சூத்திரத்தைக் கீழே எழுதுங்கள். பெரும்பாலும் அடுத்த படி தானாக வரும். வராவிட்டாலும் சூத்திரத்துக்கு மார்க் கிடைக்கும், நேரமும் ரொம்பப் போயிருக்காது. இந்த மூச்சுப் பயிற்சியை முதல்முறையாக ஹாலில் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வராத கணக்கை விட்டு எழும் இடத்தில் செய்து பழகிவிடுங்கள்.

1.15-க்கு வெளியே வந்ததும் உங்களுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாக்கி இருக்கிறது. மேத்ஸ் நன்றாகவே எழுதியிருந்தாலும் அன்றும் கேட் பக்கம் நின்று விடை பேசாதீர்கள், குரூப்பையும் திறக்காதீர்கள். நன்றாக எழுதினேன் என்று நினைத்த தாளில் ஒரு ஐந்து மார்க் தப்பு என்று சாலையில் நின்று கண்டுபிடித்தால், இன்று சாயங்காலம் இருக்கிற அதே இடத்துக்குத்தான் திரும்ப வருவீர்கள்.